முதலில் மலம், அப்புறம்தான் புதினா

டாக்டர், எனக்கு வயது 43. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று நான்கு வருடமாக மலச்சிக்கல். இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போகும், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் வயிறு ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி உப்பிவிடும். காலையில் எழும்போது இறங்கிவிடும். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், பருப்பு எல்லாம் விட்டுப் பார்த்துவிட்டேன். காலையும் இரவும் லாக்டுலோஸ் சிரப் மூன்று ஸ்பூன், சாப்பாட்டுக்கு அப்புறம் சிமெதிகோன் கலந்த அந்த ரோஸ் கலர் மருந்து எடுக்கிறேன். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனார் பெப்பர்மின்ட் ஆயில் கேப்ஸ்யூல் ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா? எந்த உணவை நிறுத்தினால் இந்த கேஸ் நிற்கும்?
— வாசகி, ஈரோடு

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடு போட்டது நாத்தனாரின் கேப்ஸ்யூலுக்குக் கீழே அல்ல, லாக்டுலோஸுக்குக் கீழே.

லாக்டுலோஸ் ஒரு செயற்கைச் சர்க்கரை. அதை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகின்றன. கூடவே வாயுவும் உண்டாகிறது. இது எந்த அளவுக்கு நம்பகமானது என்றால், குடலில் வாயு எப்போது உற்பத்தியாகிறது என்று பார்க்க நாங்கள் செய்யும் மூச்சுப் பரிசோதனையில் நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பதே பல இடங்களில் லாக்டுலோஸ்தான். வழக்கமான அளவு 10 கிராம். கடையில் விற்கும் சிரப்பில் 15 மில்லிக்கு 10 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வாயுவை வேண்டுமென்றே வரவழைக்கக் கொடுக்கும் அளவை நீங்கள் தினமும் இரண்டு தடவை குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். லாக்டுலோஸ் மோசமான மருந்து என்று சொல்லவில்லை. வயிறு உப்பாத மலச்சிக்கல்காரர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஏற்கெனவே உப்புகிற வயிற்றுக்கு அது சரியான தேர்வு இல்லை.

இரண்டாவது அடிக்கோடு அந்த ரோஸ் கலர் மருந்துக்கு. அதில் சிமெதிகோன் இருப்பது உண்மைதான். ஆனால் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் முன்னால் இருக்கும், சிமெதிகோன் கடைசியில் இருக்கும். அது ஒரு அமில எதிர்ப்பு மருந்து. அலுமினியம் மலத்தை இறுக்கும். மக்னீசியம் இளக்கும். எது ஜெயிக்கும் என்பது ஆளைப் பொறுத்தது, உங்கள் வயிற்றில் எது ஜெயித்திருக்கிறது என்பது தெரிகிறது. இரும்பு மாத்திரையும் மலத்தை இறுக்குவதுதான். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குடல் மந்தமாகும். இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது: அமில எதிர்ப்பு மருந்தும் இரும்பும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராமல் தடுக்கும். மாத்திரை சேரவில்லை என்றால் மலச்சிக்கல் கூடும், சிக்கல் கூடினால் வயிறு உப்பும், உப்பினால் நீங்கள் இன்னும் ஒரு மூடி ரோஸ் மருந்து குடிப்பீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். கடைசியாக டி.எஸ்.எச். பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே ஒருமுறை பாருங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்தவரிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது, வயிற்றுக்கும் இதம்.

சிமெதிகோன் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். பருப்பு வேகும்போது நுரை பொங்கி மூடியைத் தள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கிவிடும். ஆவி குறைந்ததா? இல்லை. சின்னச் சின்னக் குமிழிகள் உடைந்து ஒன்றாகச் சேர்ந்ததால் ஆவி எளிதாக வெளியேறியது, அவ்வளவுதான். சிமெதிகோனும் அதையேதான் இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்கிறது. எண்டோஸ்கோப்பி செய்யும்போது நுரை கேமராவை மறைத்தால், தண்ணீரில் சிமெதிகோன் கலந்து உள்ளே தெளிப்போம். கண்ணெதிரே நுரை கரைந்து சுவர் பளிச்சென்று தெரியும். எனக்கு அந்த மருந்தின் மேல் உள்ள மரியாதை எல்லாம் அங்கேதான். அது வாயு உற்பத்தியைக் குறைப்பதில்லை, ரத்தத்தில் சேர்வதும் இல்லை, மலத்தை நகர்த்துவதும் இல்லை. ஏப்பமாக வரும் காற்று, சாப்பிட்டவுடன் மேல்வயிற்றில் வரும் 'திம்' என்ற நிறைவு, இவற்றுக்குச் சிலருக்குப் பயன்படும். பெருங்குடலில் மலத்துக்குப் பின்னால் சிக்கியிருக்கும் வாயு நுரையாக இல்லை. கீழே கதவு சாத்தியிருக்கும்போது குமிழிகளை உடைத்து என்ன பலன்?

வேண்டுமென்றால், அலுமினியம் கலக்காத தனி சிமெதிகோன் மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். 80 அல்லது 125 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின், மென்று விழுங்க வேண்டும். ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். அதுவும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மலம் தங்கினால் ஏன் வயிறு உப்புகிறது என்பதை ஒருவரின் கதையாகச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை, உங்களைப் போலவே நாற்பதைத் தாண்டியவர், ஒரு நோட்டோடு வந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட இரண்டு கட்டங்கள். இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் வயிறு உப்பிய நேரம். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் சுற்றளவுகூட அளந்திருந்தார்: காலை 82 சென்டிமீட்டர், மாலை 87. பல பக்கம் ஆராய்ந்து அவர் கண்டுபிடித்த குற்றவாளி மத்தியானச் சாம்பார். "ஒரு மணிக்குச் சாம்பார், நாலரைக்கு உப்பல், நேரம் கச்சிதமாகப் பொருந்துகிறதே" என்றார். சாம்பாரை நிறுத்தி மூன்று வாரம் தயிர்சாதமும் ஊறுகாயும் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். உப்பல் கூடியிருந்தது.

நான் நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன்: மலம். எப்போது போனது, எப்படி இருந்தது, முழுதாகப் போன உணர்வு இருந்ததா. பத்து நாள் கழித்து வந்தார். நோட்டைத் திறந்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. நன்றாகப் போன மூன்று நாட்களிலும் மாலைச் சுற்றளவு 84-ஐத் தாண்டவில்லை. போகாத இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் 87, 88. என்ன சாப்பிட்டார் என்பதற்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. தயிர்சாத நாளிலும் 88 இருந்தது, சாம்பார் சாப்பிட்ட நாளிலும் 84 இருந்தது. அவர் பள்ளியில் ஆசிரியைகளுக்குச் சரியான கழிப்பறை இல்லை. காலையில் அவசரம், பகலில் அடக்கல், மாலையில் உந்துதலே இல்லை. அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

இதன் உள்வேலை இப்படி. சாப்பிட்டது பெருங்குடலின் வாசலுக்கு வந்து சேர நாலைந்து மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பருப்பு, வெங்காயம் ஆகியவற்றின் செரிக்காத சர்க்கரைகள் அதற்கப்புறம்தான் பாக்டீரியாக்களின் கைக்குக் கிடைக்கும். ஆகவே மாலை ஐந்து மணி உப்பலுக்கு மத்தியானச் சாப்பாட்டைவிடக் காலை டிபனுக்குத்தான் தொடர்பு அதிகம். மத்தியானச் சாப்பாடு செய்வதெல்லாம், ஏற்கெனவே உள்ளே இருந்ததை முன்னால் தள்ளுவதுதான். சிக்கலும் சேர்ந்துகொண்டால் கணக்கே குழம்பிவிடும். மலம் இரண்டு நாள் தங்கினால் பாக்டீரியாக்களுக்கு இரண்டு நாள் விருந்து. உண்டாகும் வாயு மலத்தைத் தாண்டி வெளியேற வழியில்லை. கீழே மலக்குடல் நிறைந்திருந்தால் மேலே குடலும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சிலரின் குடலில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதிகம். அந்த மீத்தேனே குடலின் ஓட்டத்தை மந்தமாக்குவதாகத் தெரிகிறது. எனவே மலம் தங்கியிருக்கும்போது செய்கிற உணவுப் பரிசோதனை எதுவும் செல்லாது. உருளை, கத்தரி, பருப்பு மூன்றையும் நீங்கள் விட்டது அப்படிப்பட்ட பரிசோதனை. தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

போகட்டும், உருளைக்கிழங்கின் மேல் நம் ஊரில் போட்டிருக்கும் பழியைப் பற்றி ஒரு வார்த்தை. சுடச்சுட வேகவைத்த உருளை பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். கத்தரிக்காயிலும் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் குறைவு. பூரிக் கிழங்கு சாப்பிட்டு வயிறு உப்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதில் கிழங்குக்குச் சமமாகக் கிடக்கும் வெங்காயத்தையும், கூடவே போன கோதுமைப் பூரியையும். "உருளை வாயு" என்று பாட்டி சொன்னதைப் பரம்பரையாக நம்பி ஒரு நிரபராதியைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி செய்ய வேண்டியது. முதல் இரண்டு வாரம் உணவைத் தொடவே வேண்டாம். மலத்தை மட்டும் கவனியுங்கள். லாக்டுலோஸுக்குப் பதிலாக மேக்ரோகோல் பவுடர் எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பாலிஎதிலீன் கிளைக்கால் என்பதும் அதுவே. அது பாக்டீரியாக்களுக்கு உணவாவதில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்படியே வெளியேறும். வழக்கமாக 17 கிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், தினம் ஒரு தடவை. முதல் நாளே பலன் தெரியாது. மூன்று நான்கு நாள்கூட ஆகலாம். அதற்குள் "இதுவும் கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மலம் வாழைப்பழம் போல் மிருதுவாக, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், முக்காமல் போக வேண்டும். அதுதான் இலக்கு. தண்ணீராகப் போனால் அளவைக் குறையுங்கள். சிறுநீரக நோயோ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காலை டிபன் முடிந்து இருபது நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் ஒருமுறை சுருங்கி நகரும். நாளில் வலுவான அசைவு காலையில்தான். அந்த நேரத்தை நீங்கள் கடைக்குக் கிளம்பும் பரபரப்பில் இழந்துகொண்டிருக்கலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருந்தால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி. முழங்கால் இடுப்பைவிட உயரட்டும், உடம்பு முன்னால் சாயட்டும். நம் பழைய குந்தி உட்காரும் கழிப்பறையில் இது தானாகவே அமைந்திருந்தது. ஐந்து பத்து நிமிடம் போதும், செல்போன் வெளியே இருக்கட்டும்.

கோதுமைத் தவிடு, பச்சைக் காய்கறி சாலட் என்று இந்தக் கட்டத்தில் ஏறவேண்டாம். "நார்ச்சத்து சாப்பிடுங்கள்" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையால் வயிறு வெடிக்கிற நிலையில் வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். மலம் இளகிய பிறகு இசப்கோல் தொடங்கலாம். அது மெதுவாகப் புளிப்பதால் தவிட்டைவிட வாயு குறைவு. ஒரு டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணீர், வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கூட்டி இரண்டு மூன்றில் நிறுத்திக்கொள்ளுங்கள். பழத்தில் பப்பாளி உங்களுக்கு ஏற்றது. கிவி விலை கட்டுப்படியானால் தினம் இரண்டு. மலச்சிக்கலுக்கு நல்ல ஆய்வுகள் உள்ள பழம் அது, உப்பலும் அதிகம் வராது.

இப்போது நாத்தனாரின் டப்பாவுக்கு வருவோம். சாப்பிடலாம், ஆனால் அது எதற்கு என்று தெரிந்து சாப்பிடுங்கள். பெப்பர்மின்ட் எண்ணெயில் உள்ள மெந்தால், குடல் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது. கால்சியம் இல்லாமல் தசை சுருங்காது. ஆகவே பிடித்து இழுக்கும் வலியும், இறுக்கமும், சிலருக்கு உப்பலின் தொந்தரவும் குறையும். எரிச்சல் கொண்ட குடல் நோய்க்கு அமெரிக்க இரைப்பை–குடல் மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைப் பரிந்துரைத்திருக்கிறது, சான்று வலுவானதல்ல என்ற குறிப்போடு. நெதர்லாந்தில் 190 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஒரு ஆய்வில் முக்கிய அளவுகோலில் வெற்றுக் கேப்ஸ்யூலைவிடத் தெளிவாக மேலானது என்று காட்ட முடியவில்லை. சராசரி வலி மட்டும் ஓரளவு குறைந்திருந்தது. என் அனுபவத்திலும் அப்படித்தான்: வலி இருப்பவர்கள் நன்றி சொல்கிறார்கள், வலி இல்லாமல் உப்பல் மட்டும் இருப்பவர்கள் தோளைக் குலுக்குகிறார்கள். தசையைத் தளர்த்துகிற மருந்து மலத்தைத் தள்ளாது. சிக்கல் தீராமல் இதை மட்டும் எடுத்தால் பூட்டிய வீட்டுக்குள் ஜன்னல் திரையைச் சரிசெய்வது போலத்தான்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குடலில் கரையும் மேலுறை உள்ளது, உடைக்காமல் விழுங்கவும் என்று இருக்க வேண்டும். ஒரு கேப்ஸ்யூலில் 0.2 மில்லி, அதாவது சுமார் 180 மில்லிகிராம் எண்ணெய். தினம் மூன்று தடவை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், தண்ணீரோடு முழுதாக. அந்த மேலுறை இரைப்பையின் அமிலத்தில் கரையாமலிருந்து, அமிலம் குறைந்த சிறுகுடலுக்குப் போனதும் கரைகிற மாதிரி செய்யப்பட்டது. நீங்கள் சாப்பிடும் ரோஸ் மருந்தின் வேலையே அமிலத்தைக் குறைப்பது. இரண்டும் சேர்ந்தால் உறை இரைப்பையிலேயே கரைந்துவிடும். எண்ணெய் அங்கேயே சிந்தி, உணவுக்குழாயின் கீழ்த் தசையையும் தளர்த்தும். நெஞ்செரிச்சலும் புதினா ஏப்பமும் வரும். உடனே நீங்கள் இன்னும் ரோஸ் மருந்து குடிப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வையுங்கள், முடிந்தால் ரோஸ் மருந்தை விட்டேவிடுங்கள். உறை இல்லாமல் சொட்டு சொட்டாக விற்கும் புதினா எண்ணெயை வாயில் விட்டுக்கொள்ள வேண்டாம், வாயும் தொண்டையும் எரியும். புதினாச் சட்னி தாராளமாகச் சாப்பிடலாம், அது மருந்தல்ல. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருப்பவர்கள், பித்தக்கல், பித்தநாளப் பிரச்சினை உள்ளவர்கள் கேப்ஸ்யூலைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிலருக்கு ஆசனவாயில் காந்தல் வரும். அளவைக் குறைத்தால் போய்விடும். நான்கு வாரம் எடுத்துப் பாருங்கள். பலன் இல்லையென்றால் மிச்சத்தை நாத்தனாரிடமே கொடுத்துவிடலாம். ஒரு நிபந்தனை: மேக்ரோகோலும் இதுவும் ஒரே நாளில் தொடங்கக்கூடாது. எது உதவியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது வாரத்தில், மலம் ஒழுங்கான பிறகு, உணவைச் சோதியுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. தமிழ்நாட்டு வீட்டில் சந்தேகப்பட வேண்டியவை மூன்றுதான்: பால், வெங்காயம்–பூண்டு, பருப்பு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறை-ஃபாட்மேப் உணவுமுறையின் சாரம் இதுதான்: சிறுகுடலில் சேராத சிறு சர்க்கரைகளைச் சில வாரம் விலக்கு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து பார். நிரந்தரமாக விலக்கும் உணவுமுறை அல்ல. விலக்கியே வைத்தால் நார்ச்சத்து குறைந்து சிக்கல் திரும்பும். பருப்பும் காயும் விட்டபின் உங்களுக்கு நடந்திருப்பது அதுவாகவே இருக்கலாம்.

இரண்டு வாரம் மூன்றையும் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சொல்வது எளிது, நம் சமையலில் இவை ஒளிந்துகொள்ளும். சாம்பார்ப் பொடியில் பருப்பு, இட்லிப்பொடியில் பருப்பும் பூண்டும், ரசத்தில் பூண்டு, காப்பியில் மூன்று வேளையும் பால். வெங்காயம் இல்லாத பொரியல், பூண்டும் பருப்பும் இல்லாத மிளகு ரசம், சாதம், முட்டை அல்லது மீன், பப்பாளி, கேரட், பூசணி, வெண்டைக்காய் என்று இரண்டு வாரம் ஓட்டலாம். சைவமாக இருந்தால் இட்லி, தோசையை விட வேண்டாம். அதில் உளுந்து இருக்கிறதே என்பீர்கள். ஊறி, அரைபட்டு, புளித்த மாவில் பருப்புச் சர்க்கரைகள் கணிசமாகக் குறைந்துவிடும். பூண்டு மணம் இல்லாமல் சோறு இறங்காது என்றால் ஒரு வழி உண்டு. பூண்டில் வாயு தருகிற ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டுப் பல்லைப் பொரித்து, தண்ணீர் எதுவும் சேர்வதற்கு முன்னால் அந்தப் பல்லை எடுத்துப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். மணம் எண்ணெயில் தங்கும், தொந்தரவு பல்லோடு போய்விடும்.

பிறகு பாலிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களாகும்போது பால் சர்க்கரையை உடைக்கும் நொதி குறைவது தென்னிந்தியர்களிடம் சாதாரணம். அது நோய் அல்ல. முதல் நாள் அரை டம்ளர் பால், இரண்டாம் நாள் முக்கால், மூன்றாம் நாள் முழு டம்ளர். மற்றதெல்லாம் அப்படியே, மேக்ரோகோல் அளவும் அப்படியே. இரவு படுக்குமுன் உப்பலுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். மூன்று நாள் முடிந்ததும் பாலை நிறுத்தி, மூன்று நாள் வெறுமனே விட்டு, அடுத்தது வெங்காயம்: முதல் நாள் பொடியாக நறுக்கியது ஒரு மேசைக்கரண்டி, அடுத்த நாள் பாதி வெங்காயம், அதற்கடுத்த நாள் முழுசு. சின்ன வெங்காயம் பெரியதைவிடச் சாது என்று நினைக்க வேண்டாம். மறுபடி மூன்று நாள் இடைவெளி. பிறகு துவரம்பருப்பு: ஒரு கரண்டி, ஒன்றரை, இரண்டு. பருப்பை மணிக்கணக்கில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுச் சர்க்கரையின் ஒரு பகுதி தண்ணீரோடு போகும், ஆகவே சோதனையின் மூன்று நாளும் ஒரே முறையில் சமையுங்கள்.

சோதனைக்கு நடுவே இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் அந்தச் சுற்றை அடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். நோட்டில் மூன்றாவது கட்டம் இதற்குத்தான்.

அந்த ஆசிரியையின் முடிவைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். பாலில் மூன்றாம் நாள் மதிப்பெண் ஏழு. அரை டம்ளரில் ஒன்று. வெங்காயத்தில் முழுசுக்கு ஆறு, ஒரு மேசைக்கரண்டியில் ஒன்றுமில்லை. பருப்பில் மூன்று நாளும் இரண்டைத் தாண்டவில்லை. குற்றவாளி என்று மூன்று வாரம் தண்டித்த சாம்பாருக்குள் உண்மையில் தொந்தரவு கொடுத்தது கைநிறையப் போட்ட சின்ன வெங்காயம். இப்போது சாம்பாரில் வெங்காயத்தைக் குறைத்து, முருங்கைக்காயைக் கூட்டி, காப்பியை ஒரு வேளையாக்கிக்கொண்டார். தயிரைத் தொடர்கிறார், அதில் பால் சர்க்கரையில் ஒரு பகுதி ஏற்கெனவே புளித்துப் போயிருக்கும். மாலைச் சுற்றளவு பெரும்பாலான நாட்களில் 84. முழுக்கப் போகவில்லை. யாருக்கும் காலையும் மாலையும் வயிறு ஒரே அளவில் இருக்காது. இன்னொன்று: உப்பல் என்றாலே உள்ளே வாயு கூடிவிட்டது என்று பொருளல்ல. சிலருக்குச் சாதாரண அளவு வாயுவுக்கே உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றுத் தசை தளர்ந்து முன்னால் தள்ளும். அவர்களுக்கு உணவைக் குறைத்துப் பயனில்லை. மூச்சுப் பயிற்சிக்குத்தான் பலன்.

காலையில் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு ஆறுதலான தகவல். காலையிலும் இறங்காமல் நாளுக்கு நாள் கூடினால், சீக்கிரம் வயிறு நிறைந்துவிட்டால், அடிக்கடி சிறுநீர் வந்தால், உடனே வயிற்று ஸ்கேன் எடுங்கள். சூலகத்தில் வளரும் கட்டி சில சமயம் "கேஸ்" என்ற பெயரில்தான் வெளிப்படும், ஐம்பதை நெருங்கும் பெண்களிடம் இதைத் தவறவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் பெருங்குடல் புற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இரும்பு மாத்திரை எதற்காகக் கொடுத்தார்கள் என்பதும் முக்கியம். மாதவிடாய் அதிகப் போக்கால் வந்த ரத்தசோகையா, காரணமே தெரியாததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதது என்றால் குடலைப் பார்க்க வேண்டியிருக்கும். வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் எடுத்தால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் விஷயம்.

மேக்ரோகோலில் ஆறு வாரம் ஒழுங்காக இருந்தும் முக்கினால்தான் போகிறது, விரலால் உதவ வேண்டியிருக்கிறது, போனபிறகும் உள்ளே மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது என்றால், சிக்கல் மலத்தில் இல்லை, வெளியேற்றும் தசைகளில் இருக்கிறது. முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகுவதால் வருவது அது. ஆசனவாய் அழுத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தசையின் அசைவைத் திரையில் பார்த்தே அதைத் தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சியில் பலருக்குச் சரியாகவும் ஆகும். அந்தப் பரிசோதனை செய்யும் குடல் மருத்துவரிடம் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், மூன்று கட்டமும் நிரப்பியதாக.